மாமாக் கடையில் கையெழுத்தான திறமைகள்

புதிதாகச் சேர்ந்த நர்ஸை முதல் மாதம் ஷிப்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் இது எழுதப்பட்ட விதி. முதல் வாரம் பயிற்சி அறை. தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது, கையை எப்படிக் கழுவ வேண்டும், மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அமுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானைத் தொட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதன்பின் மாதம் முடியும்வரை வார்டு. அங்கே ஒரு மூத்த நர்ஸோடு ஒரே ஷிப்டில் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும். அந்த மூத்தவளுக்குப் பிரிசெப்டர் என்று பெயர். கூடுதல் சம்பளம் கிடையாது, பெயர் மட்டும்தான்.

கையில் ஒரு செக்லிஸ்ட்டும் கொடுப்பார்கள். மாத்திரை கொடுப்பதிலிருந்து ரத்தம் ஏற்றுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டங்கள்: பார்த்தாள், பக்கத்தில் ஆள் நிற்கச் செய்தாள், இனித் தனியாகச் செய்யலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பிரிசெப்டர் நேரில் பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது கட்டம் நிரம்பாத வேலையை அந்தப் பெண் தனியாகத் தொடக் கூடாது.

விதி ரொம்ப நல்ல விதி. ஆனால் பெண்கள் பொது மருத்துவ வார்டில் அதைச் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். ஒருத்தி எம்சி என்று மருத்துவ விடுப்பு, ஒருத்தி பிரசவ விடுப்பு, ஒருத்தி சிங்கப்பூருக்கே போய்விட்டாள். வந்து நிற்கிற புதுப் பெண்ணுக்கு இரண்டு கை இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாம் நாளே அவள் தலையில் ஒரு அறை நோயாளிகள் விழுந்துவிடுவார்கள். பிரிசெப்டர் வார்டின் இந்தக் கோடியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், புதுப் பெண் அந்தக் கோடியில் மருந்து அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பாள். யார் யாரைப் பார்ப்பது?

பிரிசெப்டர்களில் ஒருத்தியான லோகேஸ்வரி, வார்டுக்கு லோகா, இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மாதக் கடைசியில் புதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் மாமாக் கடை என்னும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போவாள். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரே. நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, எல்லாம் ஒரே நாளில் போட்டதாகத் தெரியக் கூடாதே. ரொட்டி வருவதற்குள் பாதி செக்லிஸ்ட் முடிந்திருக்கும். குழம்புக் கறை படாமல் பக்கங்களைப் பிடித்துக்கொள்வது மட்டும் புதுப் பெண்ணின் வேலை.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டாள். போன வருடம் ஒருத்திக்குப் புண் கட்டும் வேலைக்குத் தைப்பூசத்தன்று தேதி போட்டுவிட்டாள். அந்தப் பெண் அன்றைக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கும் சுகுமாறன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "மலைமேல யாருக்கும்மா டிரஸ்ஸிங் பண்ணா?" என்று கேட்டார். தேதி மாறிவிட்டது சார் என்று சமாளித்தாள். அதிலிருந்து லோகா ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். தேதி போடுவதற்கு முன் டியூட்டி ரோஸ்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு பாடம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நரம்பு கிடைக்காத கைகளில் அவள்தான் ஊசி ஏற்றுவாள். படுக்கையை நனைத்த கிழவிகளை முகம் சுளிக்காமல் துடைத்துவிடுவாள். செக்லிஸ்ட் மட்டும் அவளுக்கு வேலையாகவே படவில்லை. அது ஆபீஸ்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தாள். பதினான்கு வருடமாக ஷிப்டு ஷிப்டாக ஓடி முட்டி தேய்ந்துபோயிருந்தது. சுகுமாறனுக்குக் கீழே பயிற்சியாளர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. காலையில் வந்து மாலையில் போகும் வேலை, ஞாயிறு விடுமுறை, சுற்றும் நாற்காலி. அடுத்த வாரம் நேர்முகம். அந்த நாற்காலிமேல் அவளுக்கு உயிர்.

இந்த மாதம் அவளிடம் வந்தவள் வசுந்தரா. சாலாக் செலாத்தான் ஊர்ப் பெண், இருபத்திரண்டு வயது, பேசுவதற்கு முன் இரண்டு முறை எச்சில் விழுங்குவாள். மாமாக் கடையில் அவள் ரொட்டியைப் பிய்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ரத்தம் ஏத்துறது நான் இன்னும் செய்யலக்கா."

"காலேஜ்ல பார்த்தல்ல?"

"பொம்மைக்கு ஏத்தினாங்க."

"பொம்மைக்கு ஏத்தினா மனுசனுக்கு ஏத்தத் தெரியாதா? கேஸ் வர்றப்ப நான் பக்கத்துல இருப்பேன்லா. சாப்பிடு, ஆறிப்போகுது."

வசுந்தரா எச்சில் விழுங்கினாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் கறுப்புப் பேனா மூன்று கட்டங்களையும் தாண்டிப் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து லோகாவுக்கு ஓய்வு நாள். அன்றைக்குப் பார்த்துத்தான் மாமியார் பவுனம்மாள் குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தாள். மூட்டு வலிக்கு யாரோ பாசார்ச் சந்தையில் விற்ற மாத்திரையை மருமகளுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறாள். வயிற்றில் புண்ணாகி உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மலம் தார் மாதிரி கறுத்துப் போனதைக்கூட வெளியில் சொல்லவில்லை. "இதையெல்லாமா மருமககிட்ட காட்டுவாங்க?" என்று கேட்டாள். டாக்டர் இரண்டு பை ரத்தம் ஏற்றச் சொன்னார். மறுநாள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை வாயில் எதுவும் போடக் கூடாது என்று சர்க்கரை கலந்த உப்புநீரை டிரிப்பில் ஓடவிட்டிருந்தார்கள்.

கட்டில் லோகாவின் வார்டிலேயே கிடைத்தது. புருஷன் போர்ட் கிள்ளானில் வேலையில் இருந்தான், சாயங்காலம்தான் வருவான். லோகா சுடிதாரில், கையில் பிளாஸ்டிக் வாளியும் துண்டுமாக, தன் வார்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி நின்றாள். வெள்ளைப் பலகையில் கட்டில் எண்ணுக்கு எதிரே நர்ஸ் பெயரைப் பார்த்தாள். வசுந்தரா.



கவுண்டருக்குப் போனாள். வார்டு சிஸ்டர் கனகேஸ்வரி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு மருந்து வரவழைக்கும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாண வழிக் குடும்பம், மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகம். ஒரு தாள் ஓரம் மடங்கினாலும் தாங்கமாட்டாள். பக்கத்தில் சுகுமாறன், மாத முடிவுச் செக்லிஸ்ட்டுகளை வாங்கிப்போக வந்திருந்தார்.

"சிஸ்டர், எங்க மாமியார் பெட்ட சீனியர் சுரேகா பார்க்கட்டுமே."

"ஏன்? வசுந்தராவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. புதுசு."

கனகேஸ்வரி போனை வைத்தாள். "லோகா, அவ நீ பழக்கின பிள்ளை. எல்லா ஐட்டமும் முடிஞ்சு நீயே சைன் பண்ணிட்டே. அதைப் பார்த்துத்தான் அவள ஆள் கணக்குல சேர்த்து அந்த ரூம கொடுத்தேன். சொந்தக்காரங்க வந்தா மட்டும் புதுசா?"

சுகுமாறன் சிரித்தார். "உங்ககிட்ட வர்ற பிள்ளைங்க மட்டும் எப்படிம்மா ஒரே மாசத்துல ரெடியாயிடறாங்க? இன்டர்வியூல இதைப் பத்திச் சொல்லுங்க, நான் கேக்கிறேன்."

பாராட்டு இவ்வளவு கசக்கும் என்று லோகாவுக்கு அதுவரை தெரியாது. "சரி சார்," என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வாய்க்குள் ஒரு உண்மை இருந்தது, அதைத் துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டாள்.

ரத்தப் பை வந்தது. வசுந்தராவும் சுரேகாவும் கட்டிலருகே வந்தார்கள். இந்த வேலையை இரண்டு பேர் சேர்ந்துதான் சரிபார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. பவுனம்மாளிடமே பெயரைச் சொல்லச் சொன்னார்கள்.

"காலையிலேர்ந்து பத்துப் பேரு கேட்டுட்டீங்க. பவுனம்மாள். இன்னும் மாத்தல," என்றாள் கிழவி.

கையில் கட்டிய பட்டை, அடையாள அட்டை எண், ரத்த வகை, பையின் எண், காலாவதித் தேதி. ஒருத்தி வாசிக்க மற்றொருத்தி பார்த்தாள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எழுதினார்கள். சுரேகா கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ ஸ்டார்ட் பண்ணிடுவேல்ல?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் அடுத்த அறையில் மணி அடித்தது, ஓடிவிட்டாள்.

வசுந்தரா தனியாக நின்றாள். பையைக் கொக்கியில் மாட்டினாள். அரைமணிக்குள் ஏற்ற ஆரம்பிக்காவிட்டால் பையை ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். ரத்தக் குழாயின் முனையை எடுத்தாள். பவுனம்மாளின் கையில் ஒரே ஒரு ஊசிதான். அதில் சர்க்கரை கலந்த உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் பக்கவாட்டில் ஒரு வாய் உண்டு. வசுந்தராவின் கை அந்த வாயை நோக்கிப் போனது.

சர்க்கரைத் தண்ணீரும் ரத்தமும் ஒரே குழாயில் சேரக் கூடாது. சிவப்பணுக்கள் உடையும், கட்டி தட்டும். அதை நிறுத்தி, வெறும் உப்புநீரால் வழியைக் கழுவிவிட்டு, ரத்தத்துக்கென்று இருக்கும் வடிகட்டிக் குழாயில்தான் ஏற்ற வேண்டும். பொம்மைக்கு ஏற்றும்போது பொம்மைக்கு வேறு டிரிப் எதுவும் ஓடியிருக்காது.

"அதுல இல்ல," என்றாள் லோகா.

கை நின்றது. "வேற லைன் இல்லையேக்கா."

"அதை நிறுத்து. நார்மல் சலைன் எடுத்துட்டு வா, ஃப்ளஷ் பண்ணு, அப்புறம் போடு." லோகா கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். சுடிதார் போட்டவள் நர்ஸுக்கு உத்தரவு போடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. இப்படியே காதோடு காதாகச் சொல்லி முடித்துவிட்டால் மாமியாருக்கும் ஒன்றும் ஆகாது, நாற்காலிக்கும் ஒன்றும் ஆகாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"ஏன்க்கா?" என்று கேட்டாள் வசுந்தரா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

பவுனம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்கு நர்ஸ் எல்லாருமே மிஸ்ஸிதான். "ஏன் மிஸ்ஸி, உனக்குத் தெரியாதா? இவதான் உனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன்னு வீட்டுல சொன்னா."

வசுந்தரா எச்சில் விழுங்கினாள். லோகாவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. "முதல் தடவை பாட்டி," என்றாள்.

அந்த வார்த்தைக்கு அப்புறம் காதோடு காதாகப் பேச லோகாவால் முடியவில்லை. இந்தப் பையை இப்படி ஏற்றிவிடலாம். பக்கத்தில் முதல் கால்மணி நேரம் நிற்க வேண்டும் என்று இவளுக்குத் தெரியுமா? குளிர் நடுக்கமோ முதுகுவலியோ வந்தால் முதலில் குழாயை மூட வேண்டும் என்று தெரியுமா? இரண்டாவது பை ராத்திரியில் வந்தால், அப்போது யார் காதுக்குள் சொல்வது? கட்டிலில் கிடப்பது மாமியார் என்பதால்தான் இந்தக் கேள்வியெல்லாம் இன்றைக்கு வருகிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. போன மாதங்களில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேரை இப்படி அனுப்பியிருக்கிறாள்?

"குழாயத் தொடாதே. நில்லு," என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனாள்.

"சிஸ்டர், வசுந்தரா ரத்தம் ஏத்தினதே இல்ல. நான் பார்க்காமலே சைன் பண்ணிட்டேன். நீங்க வரணும். பை ஏற்கெனவே வந்துடுச்சு."

கனகேஸ்வரி பேனாவை மூடவில்லை. "பார்க்காமன்னா?"

"மாமாக் கடையில உக்காந்து போட்டேன்."

சுகுமாறனின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. அவர் சிரிக்கவில்லை. கனகேஸ்வரி எழுந்தாள். கைகளைக் கழுவினாள், விரல் இடுக்கு விடாமல், செக்லிஸ்ட்டில் எழுதியிருக்கிறபடி. நேராகக் கட்டிலுக்குப் போனாள். பெயரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள்.

"இன்னும் மாத்தல," என்றாள் பவுனம்மாள்.

சர்க்கரைத் தண்ணீரை நிறுத்த வைத்தாள். உப்புநீர் கொண்டுவர வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் வசுந்தராவிடம் ஏன் என்று கேட்டாள். தெரிந்ததை அவள் சொன்னாள், தெரியாததைச் சிஸ்டர் சொன்னாள். அரைமணிக்குள் முதல் சொட்டு இறங்கியது. "சொந்தக்காரங்க திரைக்கு வெளிய நில்லுங்க," என்றாள் கனகேஸ்வரி, லோகாவின் முகத்தைப் பார்க்காமல். கால்மணி நேரம் இருவரும் கட்டிலை விட்டு நகரவில்லை. திரைக்கு வெளியே நின்ற லோகாவுக்கு உள்ளே நடப்பது முழுக்கக் கேட்டது. இவ்வளவு நேரம் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

அப்புறம் நர்ஸ்கள் டீ போடும் பேன்ட்ரி அறையில் விசாரணை. சுகுமாறன் செக்லிஸ்ட்டை மேசைமேல் விரித்தார். மைலோ டின்னைத் தள்ளிவைத்துவிட்டு லோகா எதிரே உட்கார்ந்தாள். வசுந்தரா கதவோரம் நின்றாள்.

"ரத்தம் மட்டும்தானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் லோகா வாயைத் திறந்தாள். அதற்குள் கதவோரத்திலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "மன்னிச்சிக்கோங்கக்கா. இன்னும் கொஞ்சம் இருக்கு."

இருந்தது. சுகுமாறன் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சுக் குழாய்?"

"மாமாக் கடை," என்றாள் லோகா.

"மூக்கு வழியா சாப்பாட்டுக் குழாய்?"

"மாமாக் கடை."

"இறந்தவங்க உடம்பத் தயார் பண்றது?"

"இந்த மாசம் யாரும் சாகல சார்," என்றாள் வசுந்தரா.

சுகுமாறன் கண்ணை மூடித் திறந்தார். "மாத்திரை கொடுக்கிறது?"

லோகா அந்த வரியை உற்றுப் பார்த்தாள். எதை நேரில் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று அவளுக்கே இப்போது பிடிபடவில்லை.

"அது நெஜம் சார்," என்றாள் வசுந்தரா. "அக்கா மூணு நாள் பக்கத்துலயே நின்னாங்க. ஊசி போடறதும் அக்காதான் கையப் பிடிச்சுக் காட்டினாங்க."

மூன்று கட்டமும் நிரம்பாத வேலைகளை வசுந்தரா இனித் தனியாகத் தொடக் கூடாது என்றும், அவள் பயிற்சி இன்னொரு மாதம் நீளும் என்றும், சுரேகா பிரிசெப்டராக இருப்பாள் என்றும் முடிவானது. பொய்யான வரிகளை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் லோகா தன் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதினாள். இதற்கு முன் அவளிடம் பயின்றவர்களின் செக்லிஸ்ட்டையும் எடுத்துப் பார்க்கப் போவதாகச் சுகுமாறன் சொன்னார். விளக்கக் கடிதம் கேட்பார்கள். நேர்முகத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பிரிசெப்டர் பட்டம் போயிற்று. திரும்ப வேண்டுமானால் அடுத்த குழுப் புதுப் பெண்களோடு அவளும் பயிற்சி அறையில் உட்கார்ந்து, கை கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

"பதினாலு வருசம் சர்வீஸ் சார் எனக்கு."

"அதான் கோபமா வருது," என்றார் சுகுமாறன். செக்லிஸ்ட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

லோகா கட்டிலுக்குத் திரும்பினாள். பவுனம்மாளின் உதட்டில் லேசாக நிறம் திரும்பியிருந்தது. நிறம் திரும்பினால் வாயும் திரும்பிவிடும்.

"என்ன, வேலை போச்சா?"

"இல்ல அத்தே. ஆபீஸ் வேலைதான் போச்சு."

"போனாப் போகட்டும். உனக்கு நாற்காலியில உக்காரவே வராது." கிழவி ரத்தப் பையை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தத் தண்ணியோட இதைச் சேர்த்து விட்டிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்?"

"கட்டி தட்டியிருக்கும். ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது."

"ஆயிருந்தா யாரைப் பிடிச்சிருப்பாங்க?"

லோகா துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அந்தப் பிள்ளைய."

"உன்ன இல்லையா?"

"என்ன ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. அவளுக்கு எல்லாம் தெரியும்னு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேனே. தெரிஞ்சும் தப்பு பண்ணிட்டான்னு அவமேலதான் எழுதியிருப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. முதலில் கவுண்டருக்குப் போனதிலிருந்து அவள் மாமியாரை நினைத்தாள், நாற்காலியை நினைத்தாள், போன மாதத்துக் கட்டில்களைக்கூட நினைத்தாள். எச்சில் விழுங்கி எச்சில் விழுங்கி உண்மையைச் சொல்லப் பார்த்த அந்தப் பெண்ணை ஒரு தடவையும் நினைக்கவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வார்டில் எத்தனையோ பேரைத் தேற்றியவள், தன் அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல் சத்தமாகவே அழுதாள். பவுனம்மாள் ஊசி இல்லாத கையை மருமகளின் முழங்கால்மேல் வைத்தாள்.

திரை விலகியது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு வசுந்தரா வந்தாள், பின்னால் சுரேகா. அழுத முகத்தைப் பார்த்ததும் வசுந்தரா தயங்கி நின்றாள்.

"வா," என்றாள் லோகா. எழுந்து, நாற்காலியை ஓரமாக இழுத்து அவளுக்கு வழிவிட்டுவிட்டு, திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.